பார்வை மங்கியவருக்கு ஏற்ப வீட்டை அமைப்பது: ஓரம், வெளிச்சம், வழி

அம்மா முற்றத்தில் கால் தவறி விழுந்தபோது பகல் பதினொரு மணி. இருட்டு இல்லை, தரையில் ஈரம் இல்லை, கண்ணாடியும் போட்டிருந்தார். எங்களுடையது மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடு. தாழ்வாரமும் அதிலிருந்து அரை அடி கீழே இருக்கும் முற்றமும் ஒரே சாம்பல் நிறச் சிமெண்ட் பூச்சு. பதினொரு மணி வெயில் முற்றத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பளீரென்ற வெளிச்சத்தில், தாழ்வாரம் முடிந்து முற்றம் தொடங்கும் ஓரம் அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

எலும்பு முறியவில்லை. ஆனால் அதுவரை நாங்கள் வீட்டில் செய்து வைத்திருந்த எல்லாமே தப்பு என்று அன்றுதான் புரிந்தது. கண் மங்கினால் பெரிய பல்ப் போட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தோம். பார்வை குறைந்தவருக்கு முதலில் கை நழுவுவது வெளிச்சமல்ல, ஓரங்கள். தரை எங்கே முடிகிறது, படி எங்கே தொடங்குகிறது, சோறு எங்கே, தட்டு எங்கே என்ற கோடுகள் அழிந்துபோகின்றன. அந்தக் கோடுகளைத் திரும்ப வரைந்து கொடுப்பதுதான் வேலை. எங்கள் வீட்டில் அதை எப்படிச் செய்தோம், எதில் தவறினோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பார்வை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"கண் சரியாத் தெரியல" என்பது ஒரே நோய் அல்ல. அம்மாவுக்கு க்ளாக்கோமா, கண் நரம்பைப் பாதிக்கும் நோய். கண்புரை அறுவை சிகிச்சை முன்பே முடிந்துவிட்டது. க்ளாக்கோமாவில் பெரும்பாலும் சுற்றுப்புறப் பார்வை முதலில் போகும், நடுப் பார்வை கடைசிவரை ஓரளவு நிற்கும். அதனால்தான் அவரால் நாள்காட்டியில் தேதியைப் படிக்க முடிந்தது, காலடியில் கிடந்த செருப்பைப் பார்க்க முடியவில்லை. "பேப்பர் படிக்கிறாங்க, இதுல இடிச்சுக்கிறாங்களே" என்று நாங்கள் வியந்ததற்குக் காரணம் இதுதான்.

வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெடும் மாக்குலா சிதைவில் இது தலைகீழ். நடுப் பார்வை போய் ஓரப் பார்வை நிற்கும். அவர்கள் வீட்டுக்குள் ஓரளவு தடுமாறாமல் நடப்பார்கள், ஆனால் எதிரில் இருப்பவர் முகமும் மாத்திரை அட்டையில் உள்ள எழுத்தும் தெரியாது. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களுக்குப் பார்வை திட்டுத்திட்டாக விட்டுப்போகும்; காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருப்பதும் உண்டு. பக்கவாதம் வந்த சிலருக்கு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி தெரியாமல் போகும்.

க்ளாக்கோமா என்றால், எந்தப் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்டின் தாள் உங்களிடம் இருக்கும். கண்ணாஸ்பத்திரி ஃபைலில் கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம் அச்சாகியிருக்கும், அதுதான். அதில் கறுத்திருக்கும் இடம் பார்வை போன இடம். படத்தின் கீழ்ப்பாதி கறுத்திருந்தால் அவர் பார்வையின் கீழ்ப்பாதி போயிருக்கிறது என்று பொருள்: படி, வாசற்படி, தரையில் கிடக்கும் பொருள் எதுவும் தெரியாது. அம்மாவின் தாளில் இரண்டு கண்ணுக்குமே கீழ்ப்பக்கம் கறுத்திருந்தது. ஐந்து வருடமாக அந்தத் தாளை ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தோம், ஒரு நாள்கூட அதைப் பார்த்து வீட்டைப் பற்றி யோசித்ததில்லை. மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது அந்தப் படத்தைக் காட்டி, "எந்தப் பக்கம் தெரியாது?" என்று நேராகக் கேளுங்கள். பெரிய கண் மருத்துவமனைகளில் பார்வை குறைந்தவர்களுக்காக லோ விஷன் பிரிவு என்று தனியாகவே இருக்கிறது. அங்கே இதை நிதானமாக விளக்குவார்கள்.

ஓர் எச்சரிக்கை. பார்வை ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குறைந்தால் வீட்டை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்புரை இருந்து இன்னும் அறுவை செய்யவில்லை என்றால் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புரையை எடுத்தாலே பாதிச் சிக்கல் தீரக்கூடும்.

ஒரு நாள் பின்னாலேயே நடங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு முழு நாள் அவர் பின்னாலேயே நடந்து பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு பாத்ரூம் போய் வரும்வரை. கை கொடுக்காதீர்கள், எச்சரிக்கை சொல்லாதீர்கள் (விழப்போகிறார் என்றால் தவிர). எங்கே வேகம் குறைகிறது, எங்கே காலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிறார், எங்கே கையை நீட்டுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல சாட்சி சுவர். எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே அங்கங்கே பழுப்பாக எண்ணெய்க் கறை படிந்திருந்தது. குழந்தைகள் தேய்த்தது என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் விரல் தடங்கள். அம்மா பிடிமானம் தேடிக் கை வைத்த இடங்கள் அவை. தாழ்வாரத் தூணில் ஒன்று, நடையிலிருந்து கூடத்துக்கு ஏறும் நிலையில் ஒன்று, சாமான் அறை வாசலில் ஒன்று, கொல்லைக் கதவுப் பக்கம் பெரிதாக ஒன்று. அவர் வாய் திறந்து சொல்லாததைச் சுவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. கறை இருந்த நான்கு இடங்களிலும் நின்று பார்த்தேன். நான்கிலும் ஒன்று தரையின் மட்டம் மாறியது, இல்லையென்றால் வெளிச்சம் சட்டென்று மாறியது.

காயத்தையும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கன்றிய தழும்பு என்றால் ஸ்டூல், கட்டில் கால், தாழ்வான மேசை. நெற்றியிலும் தோளிலும் என்றால் பாதி திறந்த கதவு, வெளியே திறக்கும் ஜன்னல். எப்போதும் ஒரே பக்கம் அடிபடுகிறது என்றால் அந்தப் பக்கப் பார்வை போயிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வழி: காசில்லாத வேலை முதலில்

கட்டிலிலிருந்து பாத்ரூம், கட்டிலிலிருந்து சாப்பிடும் இடம், அங்கிருந்து வாசல். இந்த மூன்று வழிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முழு வீட்டையும் ஒரே நாளில் மாற்றினால் அவர் மனதில் இருக்கும் வரைபடம் குலைந்துபோகும். கண் மங்கியவர் பாதி வீட்டை நினைவால்தான் நடக்கிறார். எட்டு அடி வைத்தால் தூண், அப்புறம் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று உடம்பு கணக்கு வைத்திருக்கும். நாம் நல்லது செய்வதாக நினைத்துப் பீரோவை நகர்த்தினால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும். எதை நகர்த்தினாலும் அவரிடம் கேட்டு, நகர்த்தியபின் அவர் கையைப் பிடித்து இரண்டு மூன்று முறை நடத்திக் காட்டுங்கள்.

வழியின் அகலம் 3 அடி இருக்கட்டும். ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் சற்று முன்னால் நடக்க அவ்வளவு வேண்டும். அந்த 3 அடிக்குள் எதுவும் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் வழியிலிருந்து எடுத்தவை: செருப்புகள், சுருட்டி வைத்த பாய், தண்ணீர்க் குடம், குழந்தையின் சைக்கிள், செல்போன் சார்ஜர் வயர், நான்கு மிதியடிகள். மிதியடி ஓரம் மடங்கியிருந்தால் கால் மாட்டும், அடியில் ரப்பர் இல்லாவிட்டால் வழுக்கும். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம், அவற்றின் நான்கு மூலையிலும் இருபக்க டேப் ஒட்டினோம்.

ஊஞ்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூடத்து நடுவில் தொங்கும் ஊஞ்சல் அசைந்து நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் வேறு. கண் மங்கியவருக்கு அதுதான் வீட்டிலேயே ஆபத்தான பொருள். கழற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை, அதில்தான் அவர் சாயங்காலம் உட்காருவார். அதனால் சுவர்ப் பக்கம் ஒரு கொக்கி அடித்து, யாரும் உட்காராதபோது சங்கிலியை அதில் மாட்டி வைக்கிறோம்.

கதவுகளுக்கு ஒரே விதி: முழுக்கத் திற, இல்லையென்றால் முழுக்க மூடு. பாதி திறந்த கதவின் விளிம்பு எதிரே வருபவருக்கு ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும், மங்கிய கண்ணுக்கு அதுவும் தெரியாது. அலமாரிக் கதவுக்கும் இதே விதி. துணிக்கொடி கழுத்து உயரத்தில் வழியின் குறுக்கே போனால் இடம் மாற்றுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் சொன்னால் கேட்பார்கள், சிக்கல் வந்து போகிறவர்களிடம்தான். வேலைக்கு வரும் அக்கா தரையைத் துடைக்கும்போது நாற்காலிகளை எடுத்து நடையில் வைத்துவிட்டு, திரும்ப எங்காவது போடுவார். தரையில் நாற்காலியின் கால் வரும் இடத்தில் சின்னதாக பெயிண்ட் புள்ளி வைத்தோம். அதன்பின் நாற்காலி தன் இடத்துக்குத் திரும்பி வருகிறது.

ஓரங்கள்: படி, வாசற்படி, முற்றம்

நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது. கறுத்த மரப்படியில் அந்த மஞ்சள் அம்மாவுக்கு இன்றும் தெளிவாகத் தெரிகிறது. அவர் தடுக்கிய இடங்களின் வரிசையில் நிலைப்படி இல்லவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மஞ்சள் இருக்கும் படியில் அவர் ஒருமுறையும் தடுக்கவில்லை.

அதையே மற்ற இடங்களுக்கும் செய்தோம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 2 அங்குல அகலத்துக்குப் பட்டை. மேலே கால் வைக்கும் பக்கம் ஒரு பட்டை, அப்படியே விளிம்பில் மடங்கி முன்பக்கம் ஒரு பட்டை. இறங்கும்போது மேல்பட்டை தெரியும், ஏறும்போது முன்பட்டை தெரியும். சாம்பல் சிமெண்டிலும் கறுப்பு கிரானைட்டிலும் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். வெள்ளை டைல்ஸ் படிக்கு மஞ்சள் உதவாது, அங்கே கறுப்போ அடர் நீலமோ வேண்டும்.

பட்டை விளிம்பிலேயே இருக்க வேண்டும். முதலில் நான் ஒட்டியபோது விளிம்பு தேய்ந்து டேப் பிடிக்காததால் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டிவிட்டேன். அம்மா அந்தக் கோட்டைத்தான் விளிம்பு என்று நினைத்தார். அடுத்த படி அவர் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, பாதம் தடுமாறியது. ஓர் அங்குலப் பிழை அவ்வளவு செய்யும். டேப்பை உரித்துவிட்டு, விளிம்பைச் சிமெண்ட் பூசிச் சரிசெய்து, மேலே பெயிண்ட் அடித்தோம். வழுவழுப்பான பெயிண்ட் ஈரத்தில் வழுக்கும் என்பதால் காய்வதற்கு முன் சலித்த மணலை மேலே தூவினோம். டேப்தான் ஒட்டுவீர்கள் என்றால் சொரசொரப்பான வழுக்காத டேப் வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். மூலை பெயர்ந்த டேப் அதுவே கால் தடுக்கும் பொருளாகிவிடும், அதனால் மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

படி இல்லாத இடத்தில் கோடு போடாதீர்கள். தரையில் குறுக்கே ஓடும் அடர்நிறக் கோடு, கட்டம் போட்ட டைல்ஸ், கறுப்பு மிதியடி எல்லாம் மங்கிய கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும். பாத்ரூம் வாசலில் வெள்ளைத் தரைமேல் அடர் நீல மிதியடி ஒன்று கிடந்தது. அம்மா அதன்முன் நின்று, காலை அகட்டி அதைத் தாண்டித்தான் போவார். "அது குழி மாதிரி இருக்குடி" என்றார். தரையோடு ஒத்துப்போகும் இளம் நிற மிதியடி போட்டதும் அந்தத் தாண்டல் நின்றது. மட்டம் மாறுகிற இடத்தில் மட்டும் நிற வேறுபாடு, மட்டம் மாறாத இடத்தில் ஒரே நிறம்.

நிறம் போதுமா என்று சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. செல்போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவர் கண்ணுக்கும் ஓரம் தெரியாது. எங்கள் கூடத்தில் சிவப்புக் காவித் தரை, பச்சைக் கதவு. நம் கண்ணுக்கு இதைவிட வேறுபட்ட நிறங்கள் உண்டா? கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயின. எந்த நிறம் என்பதைவிட, ஒன்று எவ்வளவு வெளிர், மற்றது எவ்வளவு அடர்த்தி என்பதே கணக்கு.

முற்றத்து ஓரத்துக்குப் பட்டை மட்டும் போதவில்லை. தூணிலிருந்து தூணுக்குக் கைப்பிடிக் குழாய் வைத்து, இறங்கும் ஓர் இடத்தை மட்டும் திறந்து விட்டோம். குழாய் ஒன்றரை அங்குலக் கனம் இருந்தால் வயதான கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும். படிகளுக்குக் கைப்பிடி வைத்தால் கடைசிப் படியைத் தாண்டியும் 1 அடி நீளட்டும். கை குழாயில் இருக்கும்வரை படி இருக்கிறது, குழாய் மட்டமாகிவிட்டால் படி முடிந்தது என்று கை கண்ணுக்குச் சொல்லும்.

வெளிச்சம்: கூட்டுவதைவிடச் சமமாக்குவது

60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண் பாப்பா சுருங்கிவிடும், லென்ஸ் பழுப்பேறிவிடும். அதனால் வெளிச்சம் கூட வேண்டும் என்பது உண்மை. ஆனால் நான் செய்தது போலச் செய்யாதீர்கள். கூடத்து நடுவில் பெரிய வெள்ளை எல்இடி பல்ப் ஒன்றை மூடி இல்லாமல் மாட்டினேன். அம்மா கையை நெற்றியில் குடைபோல வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வெளிச்சம் கண்ணில் குத்தியது, மூலைகள் முன்பைவிட இருண்டு தெரிந்தன.

ஒரு பெரிய பல்புக்குப் பதில் மூன்று நான்கு சின்னவை. கூடத்தில் நான்கு பக்கச் சுவரிலும் 9 வாட் பல்ப், பால்நிற மூடி போட்டு, வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும்படி வைத்தோம். எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாலும், படுத்துப் பார்த்தாலும் பல்பின் உருண்டை கண்ணில் நேராகப் படக்கூடாது. அப்புறம், அடுத்தடுத்த இரண்டு அறைகளின் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பிரகாசமான கூடத்திலிருந்து மங்கிய நடைக்குள் போகும் அந்த இரண்டு மூன்று அடியில்தான் தடுக்குகிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறிப் பழக வயதான கண்ணுக்கு நேரம் அதிகம் எடுக்கும், க்ளாக்கோமா இருந்தால் இன்னும் கூடுதல்.

வெயிலிலிருந்து உள்ளே வருவது இதன் உச்சம். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் நேர் வெயில் ஒரு லட்சம் அளவுக்கு இருக்கும், வீட்டின் உள்ளே நூறோ இருநூறோ. அதனால் திண்ணையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு உள்ளே வருவதை அம்மா பழக்கமாக்கிக்கொண்டார். நடையில் பகலிலும் ஒரு விளக்கு எரிகிறது. வெளியே போகும்போது விளிம்பு அகலமான தொப்பியோ முன்னால் இழுத்துவிட்ட முந்தானையோ கூசுவதைக் குறைக்கும்.

பகலில் ஜன்னல்தான் பெரிய விளக்கு, அதுவே பெரிய தொல்லையும். படுக்கையறையில் நாங்கள் போட்ட பளபளப்பான வெள்ளை டைல்ஸ் ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி அடித்தது. "எது தண்ணி எது தரைன்னே தெரியல" என்பார். தரையை உடைக்க முடியாது. ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை மல் துணியில் திரை போட்டோம், குத்தும் ஒளி பரவிய ஒளியாகிவிட்டது. அவர் நாற்காலியையும் ஜன்னலுக்கு முதுகு காட்டும்படித் திருப்பினோம். வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்தால் அவர்கள் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. முன்பு அவர்கள் ஜன்னலுக்கு முன் உட்காருவார்கள், அம்மாவுக்கு வெறும் நிழல்தான் தெரியும். உறவுக்காரர்களையே "யாரு?" என்று கேட்பார், அவர்களுக்கு மனவருத்தம்.

படிக்கவும் தைக்கவும் தனி விளக்கு வேண்டும். கழுத்து வளையும் மேசை விளக்கு, கண்ணைவிடத் தாழ்வாக, நன்றாகத் தெரியும் கண் பக்கமிருந்து. விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் தாளில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பெரிய பல்ப் வாங்குவதைவிட விளக்கைக் கிட்டே இழுப்பது மேல். மஞ்சள் ஒளியா வெள்ளை ஒளியா என்பது ஆளைப் பொறுத்தது. கடையில் இரண்டும் ஒவ்வொன்று வாங்கி, இரண்டு நாள் இரண்டு நாளாகப் போட்டு அவரையே கேளுங்கள். அம்மா 4000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருந்த நடுத்தர வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார்.

சமையல்கட்டில் டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மேடை முன் நின்றால் அவர் நிழலே வெட்டும் காயின் மேல் விழும். மேலே இருக்கும் தட்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி ஒரு எல்இடி பட்டை ஒட்டியதும் நிழல் போய்விட்டது.

இரவுக்கு: கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை, தரையிலிருந்து 1 அடி உயரத்தில், ஆள் அசைந்தால் எரியும் சென்சார் விளக்கு மூன்று. தரையை மட்டும் காட்டும், கண்ணைக் கூசவைக்காது. முதல் விளக்கு, அவர் காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டதுமே எரிகிறதா என்று படுத்துப் பார்த்துச் சோதியுங்கள். எங்களுக்கு இரண்டு முறை இடம் மாற்ற வேண்டியிருந்தது. பாத்ரூம் சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்திலும் இருக்கும்படி டூ வே சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் தானே எரியும் சார்ஜ் பல்புகளைப் பாத்ரூமிலும் படி இருக்கும் இடத்திலும் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது என்றால் இந்த வழியில் உள்ள விளக்குகள் அந்த லைனில் சேர்ந்திருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் டிவி சேர்ந்திருந்தது, நடை விளக்கு சேரவில்லை.

தட்டும் பாத்ரூமும்

வாழையிலையில் அம்மா சிந்தாமல் சாப்பிடுவார், சில்வர் தட்டில் சிந்துவார். பச்சை இலையில் வெள்ளைச் சோறு எடுப்பாகத் தெரியும், ஓரத்தில் வைத்த பொரியலும் தெரியும். சில்வர் தட்டில் விளக்கொளி பளபளக்கும், சோறும் தட்டும் ஒரே வெள்ளையாகிவிடும். அதனால் பளபளப்பு இல்லாத அடர் பச்சைத் தட்டு வாங்கினோம். இட்லி, தயிர்சாதம், ஆப்பம் எல்லாம் அதில்தான். டம்ளரில் மோர் ஊற்றினால் எவ்வளவு வந்தது என்று தெரிய உள்ளே அடர்நிறமான டம்ளர், காபிக்கு உள்ளே வெள்ளையானது. தண்ணீர் எதிலும் தெரியாது, அதற்கு விளிம்பில் விரல் நுனி வைப்பதுதான் வழி. வெங்காயம் நறுக்கக் கறுப்புப் பலகை, கத்தரிக்காய்க்கு வெள்ளைப் பலகை. வெள்ளை மாத்திரையைக் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் பிரியுங்கள், கீழே விழுந்தாலும் தெரியும். அடுப்பின் குமிழில், மூடியிருக்கும் நிலைக்கு நேராகச் சிவப்பு நகப்பூச்சால் தடிமனாக ஒரு கோடு.

பாத்ரூம்தான் மிகக் கடினம். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கம்மோடு, கண்ணுக்கே தெரியாத நிறமற்ற மக்கு. உட்காரும்போது பின்னால் இருக்கிறதா என்று கையால் துழாவுவார். கம்மோடின் சீட்டை மட்டும் அடர் நீலமாக மாற்றினோம். மூடி வெள்ளையாகவே இருக்கட்டும், மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதும் தெரியும். சிவப்பு வாளி, சிவப்பு மக்கு, சிவப்புச் சோப்பு. எவர்சில்வர் கைப்பிடிக் குழாய் வெள்ளை டைல்ஸில் மறைந்துபோகும், அதைக் கறுப்பு நிறத்தில் வாங்கி, ஓட்டை போட்டு சுவரில் போல்ட் அடித்தோம். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகை எடையைத் தாங்காது, வாங்க வேண்டாம். துண்டுக் கொக்கியைப் பிடித்து எழுந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் அந்த இடத்திலேயே உறுதியான பிடியை வையுங்கள், கை எப்படியும் அங்கேதான் போகும். வெந்நீர்க் குழாயில் சிவப்பு டேப் சுற்றுங்கள். சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கறுப்பு டேப்பால் ஒரு கட்டம்.

பார்வை வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும் அளவுக்குக் குறைந்துவிட்டவருக்கு நிறம் உதவாது. அவருக்கு வழியும் கைப்பிடியும் தொடுகுறிகளும்தான். நடுப் பார்வை போனவருக்குத் தரைப் பட்டைகளைவிட முகத்தில் விழும் வெளிச்சமும் படிக்கும் விளக்கும் பெரிய எழுத்தும் முதலில் வேண்டும். ஒரு பக்கப் பாதி தெரியாதவருக்குக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையும் தட்டில் வைக்கும் கறியும் தெரியும் பக்கத்தில் இருக்கட்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்

பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தோம். கறையெல்லாம் போய்விட்டது. அதன்பின் மாதம் ஒருமுறை சுவரைப் பார்த்து வந்தேன். தூணிலும் நடை நிலையிலும் கொல்லைக் கதவிலும் புதுக்கறை இல்லை. சாமான் அறை வாசலில் மட்டும் இரண்டாவது மாதமே விரல் தடம் திரும்ப வந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த இடத்தில் போய் நின்றேன். அங்கே போட்ட பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் திறந்து வைக்கும் அலமாரிக் கதவு அந்த வெளிச்சத்தை மறைத்து, வாசற்படி சரியாக நிழலுக்குள் விழுந்திருந்தது. விளக்கை அலமாரியின் மறுபக்கச் சுவருக்கு மாற்றி, படிக்கு மஞ்சள் பட்டை அடித்தோம். அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். சுவரைத் தொடாமல் படியேறி உள்ளே போய், புளிப் பானையை எடுத்துக்கொண்டு வந்தார்.